தையல்கடை அட்வான்ஸ் பணத்தைக் கணக்கில் எழுதுவது எப்படி?

மேற்கு மாம்பலத்தில் லேடீஸ் தையல்கடை வைத்திருக்கிறேன். இரண்டு டெய்லர், ஒரு ஆரி வேலைக்காரர், கட்டிங் நான். போன தீபாவளிக்கு முந்தைய செப்டம்பர் மாதம் கல்லாவில் பணம் நிறைந்திருந்தது. மாதக் கடைசியில் கூட்டிப் பார்த்தேன், 35,000 ரூபாய் லாபம் என்று வந்தது. அதை நம்பி ஓவர்லாக் மெஷினுக்கு முன்பணம் கட்டிவிட்டேன். அக்டோபர் முதல் சனிக்கிழமை கூலி கொடுக்கக் கையில் பணம் இல்லை. வேலை மட்டும் மலைபோல் கிடந்தது. நகையை வைத்துத்தான் அந்த வாரக் கூலியைக் கொடுத்தேன்.

பிறகு மெஷினின் மீதித் தொகைக்காக ஒரு வங்கிக்குக் கடன் கேட்டுப் போனேன். கணக்கைப் பார்த்தவர், "செப்டம்பரில் இவ்வளவு லாபம், அக்டோபரில் இவ்வளவு நஷ்டம், எதை நம்புவது?" என்று திருப்பி அனுப்பினார். அவர் கேட்டது நியாயமான கேள்வி. வாடிக்கையாளர் தந்த அட்வான்ஸை எல்லாம் நான் வருமானம் என்று எழுதியிருந்தேன். அதைச் சரிசெய்யக் கற்றுக்கொண்டதை, புதிதாகக் கடை திறந்திருக்கும் உங்களுக்காக வரிசையாக எழுதுகிறேன்.

1. முதலில் வரவையும் வருமானத்தையும் பிரியுங்கள்

கல்லாவுக்குள் எது வந்தாலும் நம் வாயில் அது "வரவு". ரொக்க நோட்டில் அப்படி எழுதுவதும் சரிதான். வருமானம் வேறு. பிளவுஸைத் தைத்து, வாடிக்கையாளர் கையில் கொடுத்த பிறகுதான் அந்தப் பணம் உங்கள் சம்பாத்தியம். அதுவரை அது அவர் பணம், உங்களிடம் இருக்கிறது, அவ்வளவுதான். நாளைக்கே அவர் வந்து "வேண்டாம், துணியைக் கொடுங்க" என்றால் திருப்பித் தர வேண்டியிருக்கும்.

அதனால் கணக்கில் அட்வான்ஸ், தர வேண்டிய கடன் பக்கம்தான் உட்காரும். துணிக்கடையில் லைனிங் கடனுக்கு எடுத்தால் எப்படி எழுதுவீர்களோ, அதே இடம். ஒரு வித்தியாசம், துணிக்கடைக் கடனைப் பணத்தால் அடைக்கிறீர்கள். இதை வேலையால் அடைக்கிறீர்கள்.

2. என்னென்ன புத்தகம் வேண்டும்

கணக்கு வாரியாகப் பற்று வரவு எழுதும் பேரேடு அல்லது டேலி தவிர, மூன்று போதும்.

மூன்று பிரதி பில் புத்தகம் ஒன்று. ஒரு பிரதி வாடிக்கையாளருக்கு, ஒன்று துணியோடு பின் பண்ண, ஒன்று புத்தகத்திலேயே நிற்க. நம்பர் அச்சிட்டதாக இருக்கட்டும். கையால் நம்பர் போட்டால் நடுவில் ஒன்று காணாமல் போனாலும் தெரியாது. பக்கத்து அச்சகத்தில் பத்துப் புத்தகத்துக்கு எனக்கு 1,400 ரூபாய் ஆனது. பில்லில் ஆர்டர் தேதி, டெலிவரி தேதி, உருப்படி வாரியாகக் கூலி, மொத்தம், அட்வான்ஸ், பாக்கி, பணம் ரொக்கமா யுபிஐயா, இவை எல்லாவற்றுக்கும் இடம் விட்டு அச்சடியுங்கள்.

இரண்டாவது, ரொக்க நோட்டு. இது உங்களிடம் ஏற்கெனவே இருக்கும்.

மூன்றாவதுதான் புதிது: அட்வான்ஸ் நோட்டு. நூறு பக்க நீள நோட்டு வாங்கி ஆறு பத்தி போடுங்கள். பில் எண், பெயர், அட்வான்ஸ் வாங்கிய தேதி, தொகை, கழித்த தேதி, கழித்த தொகை. கடைசி இரண்டும் காலியாக இருக்கும் வரிகள்தான் இன்று நீங்கள் தர வேண்டிய அட்வான்ஸ். அளவு நோட்டிலேயே அட்வான்ஸையும் எழுதும் பழக்கம் பல கடைகளில் உண்டு. நானும் அப்படித்தான் செய்தேன். அதை விட்டுவிடுங்கள். அளவு நோட்டு பெயர் வரிசையில் இருக்கும், கணக்கு தேதி வரிசையில் வேண்டும். இரண்டையும் ஒரே நோட்டில் வைத்தால் மாதக் கடைசியில் கூட்ட முடியாது.

தினமும் கடை மூடும்போது பத்து நிமிடம், மாதக் கடைசியில் ஒரு மணி நேரம். இதற்கு மேல் நேரம் பிடிக்காது.

3. அட்வான்ஸ் வாங்கும் நாளில்

ஒரு ஆர்டரை முழுதாகப் பார்க்கலாம். பில் எண் 412. கல்யாணப் பிளவுஸ், கையிலும் முதுகிலும் ஆரி வேலை. பேசிய தொகை 6,500. செப்டம்பர் 8 அன்று 3,000 ரூபாய் அட்வான்ஸ், யுபிஐயில் வந்தது. டெலிவரி அக்டோபர் 6.

செப்டம்பர் 8 அன்று இரவு எழுத வேண்டியது இவ்வளவுதான். இதில் பற்று என்றால் டெபிட், வரவு என்றால் கிரெடிட், ரொக்க நோட்டில் சொல்லும் வரவு இல்லை:

வங்கிக் கணக்கு – பற்று 3,000
வாடிக்கையாளர் அட்வான்ஸ் கணக்கு – வரவு 3,000

அட்வான்ஸ் நோட்டில் 412-க்கு ஒரு வரி. தையல் வருமானக் கணக்கைத் தொடவே கூடாது. பேசிய 6,500-ஐயும் எங்கும் எழுத வேண்டாம். அது பில்லில் இருந்தால் போதும், ஏனென்றால் இன்னும் ஊசியில் நூலே கோக்கவில்லை.

டேலி வைத்திருந்தால் `Customer Advance` என்று ஒரு லெட்ஜர் திறந்து, அதை `Current Liabilities` குழுவின் கீழ் வையுங்கள். என் கணக்கை முதலில் போட்டுக் கொடுத்த பையன் அதை வருமானக் குழுவில் திறந்திருந்தான். அந்த ஒரு தேர்வினால் ஆறு மாதக் கணக்கும் தப்பாகப் போனது. உங்களுக்கு யாராவது போட்டுக் கொடுத்திருந்தால் இன்றே அந்த லெட்ஜரைத் திறந்து எந்தக் குழுவில் இருக்கிறது என்று பாருங்கள்.

இங்கே அடிக்கடி நடக்கும் ஒரு தப்பு: கடை க்யூஆர் வேலை செய்யவில்லை என்று, அட்வான்ஸை உங்கள் சொந்த நம்பருக்கோ வீட்டுக்காரர் நம்பருக்கோ போடச் சொல்வது. பில்லில் அட்வான்ஸ் இருக்கும், வங்கிக் கணக்கில் இருக்காது. அப்படி வாங்கிவிட்டால் அன்று இரவே அதே தொகையைக் கடைக் கணக்குக்கு மாற்றுங்கள், குறிப்பில் பில் எண்ணைப் போடுங்கள்.

4. டெலிவரி நாளில்

அக்டோபர் 6. வாடிக்கையாளர் போட்டுப் பார்த்து, சரி என்றார். மீதி 3,500-ஐ ரொக்கமாகத் தந்தார். இன்றுதான் வருமானம் பிறக்கிறது, அதுவும் முழுத் தொகைக்கு:

ரொக்கக் கணக்கு – பற்று 3,500
வாடிக்கையாளர் அட்வான்ஸ் கணக்கு – பற்று 3,000
தையல் வருமானக் கணக்கு – வரவு 6,500

அட்வான்ஸ் நோட்டில் 412-இன் காலிப் பத்திகளில் "அக். 6, 3,000" என்று எழுதி, வரியை ஒரு கோடு போட்டு அடியுங்கள்.

இன்று கல்லாவுக்கு வந்தது 3,500 மட்டும் என்பதால் அதை மட்டும் வருமானமாக எழுதக் கை போகும். அப்படி எழுதினால் அந்த 3,000 என்றைக்குமே வருமானமாகாது, அட்வான்ஸ் கணக்கில் பொய்யாக நின்றுகொண்டே இருக்கும். முதல் இரண்டு மாதம் நான் அட்வான்ஸைச் சரியாக எழுதிவிட்டு இந்த இடத்தில் கோட்டைவிட்டேன். அட்வான்ஸ் பாக்கி ஏறிக்கொண்டே போனது, யாருக்கும் உண்மையில் தர வேண்டியிருக்கவில்லை.

டெலிவரி நேரத்தில் தொகை மாறுவதும் உண்டு. முடிச்சும் குஞ்சமும் கூடுதலாகக் கேட்டு 300 ஏறினால், வருமானம் 6,800, ரொக்கம் 3,800. அட்வான்ஸ் அதே 3,000தான். "பாக்கியை வெள்ளிக்கிழமை தரேன்க்கா" என்று துணியை வாங்கிக்கொண்டு போனாலும், வருமானம் இன்றே முழுதாக எழுதப்படும். தராத 3,500, ரொக்கத்துக்குப் பதில் "வரவேண்டிய பாக்கி"யில் அவர் பெயரில் ஏறும். வேலை முடிந்து கைமாறியதா என்பதுதான் கேள்வி. பணம் எப்போது வருகிறது என்பது தனி விஷயம்.

5. ஒரே அட்வான்ஸ், பல உருப்படி

எனக்கு அதிகம் தலைவலி தந்தது இதுதான். கல்யாண வீட்டில் ஐந்து பிளவுஸ் கொடுப்பார்கள், மொத்தம் 12,000, அட்வான்ஸ் 5,000. நிச்சயதார்த்தத்துக்கு முதலில் இரண்டை வாங்கிப் போவார்கள், மூன்று கடையில் இருக்கும். ஐயாயிரத்தில் எவ்வளவைக் கழிப்பது?

இதற்கு ஒரே ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். இன்று கொடுத்த உருப்படிகளின் கூலியிலிருந்து, இன்று வாங்கிய பணத்தைக் கழியுங்கள். மிஞ்சுவதுதான் இன்று கழியும் அட்வான்ஸ். அந்த இரண்டு பிளவுஸின் கூலி 4,000, வந்தவர் கையில் 2,000 தந்தார் என்றால், வருமானம் 4,000, அட்வான்ஸில் கழிவது 2,000, இன்னும் நிற்பது 3,000. அட்வான்ஸ் நோட்டில் கழித்த பத்தியில் 2,000 என்று எழுதி அந்த வரியை அடித்துவிட்டு, அடுத்த வரியில் அதே பில் எண்ணோடு 3,000-ஐ மறுபடி ஏற்றுங்கள்.

இது நடக்க வேண்டுமானால் பில்லில் ஒவ்வொரு உருப்படிக்கும் தனித்தனிக் கூலி இருக்க வேண்டும். "5 பிளவுஸ் – 12,000" என்று மொத்தமாக எழுதிவிட்டால், ஆரி போட்டது எது, சாதா லைனிங் எது என்று பிறகு பிரிக்க முடியாது. இன்னொன்று, முதல் டெலிவரியிலேயே முழு அட்வான்ஸையும் கழித்து, பணம் வாங்காமல் அனுப்பிவிடாதீர்கள். கணக்கில் அது தவறில்லை. ஆனால் மீதி மூன்றுக்கும் உங்கள் கையில் பிடிமானம் இருக்காது.

6. ரத்தான ஆர்டர், வராத வாடிக்கையாளர்

துணியில் கத்தரி படுவதற்கு முன் ரத்து செய்தால் அட்வான்ஸை முழுதாகத் திருப்பிக் கொடுப்பது என் வழக்கம். அட்வான்ஸ் கணக்கு பற்று, ரொக்கம் வரவு. இதைச் செலவு என்று எழுதக் கூடாது, வருமானமாகவே எழுதாத பணம் எப்படிச் செலவாகும்? வாடிக்கையாளர் பிரதியைத் திரும்ப வாங்கி, "ரத்து" என்று எழுதிக் கையெழுத்து வாங்கி, புத்தகத்தில் உள்ள பிரதியோடு பின் பண்ணுங்கள்.

வெட்டிய பிறகு ரத்தானால், செய்த வேலைக்கு ஒரு தொகை பிடிப்போம். 3,000 அட்வான்ஸில் 800 பிடித்து 2,200 திருப்பினால், அந்த 800 மட்டும் அன்று வருமானம். பிடிக்கும் விதி பில்லிலேயே அச்சில் இருக்கட்டும், வாய்ச்சொல்லில் சண்டைதான் வரும்.

தைத்து முடித்து மாதக்கணக்கில் தொங்கும் உருப்படிகள் ஒவ்வொரு கடையிலும் உண்டு. அந்த அட்வான்ஸை ஆண்டு முடிவில் சத்தமில்லாமல் வருமானத்தில் சேர்த்துவிடாதீர்கள். துணி இன்னும் உங்களிடம் இருக்கிறது, அவர் வந்தால் கொடுத்தாக வேண்டும். போன் செய்த தேதிகளை அட்வான்ஸ் நோட்டின் ஓரத்தில் குறித்து வையுங்கள். ஆறு மாதத்துக்கு மேல் நிற்பவற்றைத் தனிப் பட்டியலாக எடுத்து, ஆண்டு முடிவில் கணக்காளரிடம் காட்டி முடிவு செய்யுங்கள்.

7. மாதக் கடைசி ஒரு மணி நேரம்

இந்தப் படியை மட்டும் விட்டுவிடாதீர்கள். என் செப்டம்பரை மறுபடி போட்டுக் காட்டுகிறேன்.

செப்டம்பர் 1 அன்று நின்ற அட்வான்ஸ் 9,000. மாதத்தில் புதிதாக வாங்கியது 64,000, தீபாவளி ஆர்டர்கள். டெலிவரியில் கழித்தது 22,000. ஆக, செப்டம்பர் 30 அன்று நிற்க வேண்டியது 9,000 + 64,000 – 22,000 = 51,000. டெலிவரியின்போது கைக்கு வந்த பாக்கி 27,000. வாடகை, கூலி, நூல், லைனிங், கரண்ட் எல்லாம் சேர்த்துச் செலவு 56,000.

நான் முதலில் போட்டது: 64,000 + 27,000 = 91,000 வருமானம். செலவு போக 35,000 லாபம்.

சரியானது: டெலிவரி ஆனவற்றின் கூலி மட்டும், 22,000 + 27,000 = 49,000. செலவு போக 7,000 நஷ்டம்.

அந்த நஷ்டமும் முழு உண்மை இல்லை. 56,000 செலவில் 9,000 ரூபாய், தைத்து முடித்து அக்டோபரில் டெலிவரி ஆக வேண்டிய உருப்படிகளுக்குக் கொடுத்த கூலி. அதை அக்டோபர் செலவாகத் தள்ளினால் செப்டம்பரில் கிடைத்தது 2,000 ரூபாய் லாபம். மாதா மாதம் இந்தத் தள்ளல் தேவையில்லை. தீபாவளி, முகூர்த்த மாதங்களில் மட்டும் செய்து பாருங்கள், இல்லாவிட்டால் ஒரு மாதம் காரணமில்லாமல் பயம் காட்டும்.

இப்போது சரிபார்ப்பு. புத்தகத்தில் உள்ள பில் பிரதிகளை எடுத்து, டெலிவரி ஆகாதவற்றின் அட்வான்ஸை மட்டும் கூட்டுங்கள். அட்வான்ஸ் நோட்டில் அடிக்காத வரிகளைக் கூட்டுங்கள். பேரேட்டில் அட்வான்ஸ் கணக்கின் பாக்கியைப் பாருங்கள். மூன்றும் 51,000 என்று வர வேண்டும். பேரேடு மட்டும் அதிகமாக இருந்தால், எங்கோ டெலிவரி அன்று அட்வான்ஸைக் கழிக்க மறந்திருக்கிறீர்கள். பேரேடு மட்டும் குறைந்திருந்தால், ஏதோ ஒரு அட்வான்ஸ் நேராக வருமானத்தில் விழுந்திருக்கிறது. வித்தியாசத் தொகையைப் பார்த்தாலே பெரும்பாலும் எந்த பில் என்று தெரிந்துவிடும்.

கடைசியாக ஷெல்ஃபுக்குப் போய் தொங்கும் துணிகளில் உள்ள பில் எண்களையும் பாருங்கள். நோட்டில் நிற்கும் ஆர்டருக்குத் துணி இல்லை என்றால், டெலிவரி ஆகி யாரோ எழுதவில்லை.

51,000 தெரிந்துவிட்டால் இன்னொரு உபயோகமும் உண்டு. கல்லாவும் வங்கியும் சேர்ந்து 60,000 இருந்தால், நீங்கள் தைரியமாகத் தொடக்கூடியது 9,000 மட்டும். மீதியில் அக்டோபர் கூலி ஒளிந்திருக்கிறது.

8. ஜிஎஸ்டி பதிவு இருந்தால்

பதிவு இல்லாத கடையானால் இந்தப் படியைத் தாண்டிவிடலாம். தமிழ்நாட்டில் சேவைக்கு ஆண்டு விற்றுமுதல் 20 லட்சத்தைத் தாண்டினால் பதிவு வேண்டும்.

வாடிக்கையாளரின் துணியை வாங்கித் தைத்துக் கொடுப்பது சேவை. சேவைக்கு அட்வான்ஸ் வாங்கிய அன்றே வரி கட்டும் பொறுப்பு வந்துவிடுகிறது. வருமானம் டெலிவரி அன்று, வரி அட்வான்ஸ் அன்று. இரண்டு தேதியும் வேறு என்பது முதலில் எனக்குப் புரியவே இல்லை. ரெடிமேட் சரக்கு விற்பவர்களுக்கு அட்வான்ஸ் மீதான வரியை 2017 நவம்பரில் எடுத்துவிட்டார்கள். அதைக் கேட்டுவிட்டு "அட்வான்ஸுக்கு வரி இல்லை" என்று சொல்பவர்கள் உண்டு. தையல் கூலிக்கு அந்தச் சலுகை பொருந்தாது.

தையல் சேவையின் வரி 2018 ஜனவரியில் 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. அந்த வீதத்தில், வரி உட்பட 2,100 ரூபாய் அட்வான்ஸ் வாங்கினால் 2,000 உங்களுடையது, 100 அரசுக்கு. அட்வான்ஸுக்குப் பெறுகைச் சீட்டு கொடுக்க வேண்டும், டெலிவரி அன்று முழுத் தொகைக்கும் வரி பில். ரத்தானால் பணம் திருப்பியதற்கு ஒரு சீட்டு. ஒரே மாதத்தில் அட்வான்ஸும் வரி பில்லும் முடிந்துவிட்டால் அட்வான்ஸைத் தனியாகக் காட்ட வேண்டாம். மாதம் தாண்டி நிற்பவற்றை `GSTR-1` படிவத்தில் `11A` அட்டவணையிலும், பிறகு பில் போட்ட மாதத்தில் கழிவை `11B` அட்டவணையிலும் காட்ட வேண்டும். மாதாந்திரப் படிவத்துக்குக் கடைசி நாள் அடுத்த மாதம் 11. உங்கள் கணக்காளருக்கு 5-ஆம் தேதிக்குள் அட்வான்ஸ் நோட்டின் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பிவிடுங்கள். `11B`-யை மறந்தால் ஒரே பணத்துக்கு இரண்டு முறை வரி கட்டுவீர்கள்.

9. மார்ச் 31

அன்று மாலை கடை மூடியதும் மாதக் கடைசிச் சரிபார்ப்பையே செய்து, நிற்கும் அட்வான்ஸ் பட்டியலைப் பில் எண்ணோடு தனித்தாளில் எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திடுங்கள். சித்திரை, வைகாசி முகூர்த்தத்துக்கு மார்ச்சிலேயே துணி வந்துவிடும் என்பதால் இந்தப் பட்டியல் சின்னதாக இருக்காது. இருப்புநிலைக் குறிப்பில் அந்த மொத்தம் பொறுப்புகள் பக்கம் "வாடிக்கையாளர் அட்வான்ஸ்" என்று ஒரு வரியாக வரும், விற்றுமுதலில் சேராது. வருமான வரிக்கு ஐடிஆர்-4 படிவம் போடும் சிறு கடைக்காரர்களுக்கும் அதில் `Advances` என்று தனிக் கட்டம் இருக்கிறது. அதில் பூஜ்யம் போட்டு அனுப்புகிறாரா என்று உங்கள் கணக்காளரைக் கேட்டுப் பாருங்கள்.

ஏப்ரல் 1 காலையில் அந்தத் தாளில் உள்ள ஒவ்வொரு வரியையும் புது அட்வான்ஸ் நோட்டின் முதல் பக்கத்தில், பழைய பில் எண்ணும் பழைய தேதியும் மாறாமல் ஏற்றுங்கள். "முன் பாக்கி" என்று ஒரே தொகையாக ஏற்றிவிட்டால், ஏப்ரலில் டெலிவரிக்கு வருபவரின் அட்வான்ஸ் எது என்று தேட பழைய நோட்டைக் கிளறிக்கொண்டே இருப்பீர்கள்.